ஒரே படம், இரண்டு எடிட்டர்கள், நடுவில் ஒரு கிளவுட் ஃபோல்டர்

80 நிமிட ஆவணப்படம் ஒன்றை நானும் என் கூட்டாளியும் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பிரீமியர் புரோவில் வெட்டி முடித்தோம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு கிளவுட் ஃபோல்டர் மட்டும்தான். ஒருவர் வேலையின் மேல் இன்னொருவர் வேலை ஏறி அழியாமல் அதை எப்படி ஓட்டினோம் என்று இங்கே எழுதுகிறேன். பிரீமியரை வைத்துச் சொன்னாலும், ஒரே ஃபைலுக்குள் மொத்த வேலையையும் அடக்கி வைக்கும் எந்த மென்பொருளுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

கூகுள் டாக்ஸில் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் தட்டிப் பழகியவர்களுக்கு, கிளவுடில் போட்டால் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அங்கே ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி மாற்றமாகப் போகிறது, அதனால் சேர்க்க முடிகிறது. `.prproj` ஃபைல் அப்படி இல்லை. உள்ளே இருப்பது சுருக்கி அமுக்கிய ஒரு எக்ஸ்எம்எல். நீங்கள் ஒரே ஒரு ஷாட்டை இரண்டு பிரேம் நகர்த்தி சேமித்தாலும், கிளவுட் சேவையைப் பொறுத்தவரை அது மாறிப்போன ஒரு ஃபைல், அவ்வளவுதான். உள்ளே எந்த ஷாட் நகர்ந்தது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மாறியிருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பிந்தி வந்தது முந்தியதின் மேல் உட்கார்ந்துவிடும். இல்லையென்றால் சேவை இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றுக்குப் பெயரை மாற்றும். டிராப்பாக்ஸ் பெயரோடு conflicted copy என்று ஒட்டும். ஒன்டிரைவ் கம்ப்யூட்டரின் பெயரை ஒட்டும். இரண்டாவது நடந்தால் உங்களுக்கு நல்ல நேரம்.

அந்த நல்ல நேரம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இதற்கு முந்தைய வேலையில், எங்களை அமர்த்திய நிறுவனம் ஒரே ஒரு புராஜெக்ட் ஃபைலை ஷேர் ஃபோல்டரில் போட்டு, இருவரும் அதிலேயே வேலை செய்யச் சொல்லியிருந்தது. கூட்டாளியின் பக்கம் ஒருநாள் இன்டர்நெட் போனது. பிரீமியர் அதைப் பற்றிக் கவலைப்படாது. அவர் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தார், நானும் வெட்டிக்கொண்டிருந்தேன். லைன் திரும்பி வந்ததும் ஃபோல்டரில் இரண்டு புராஜெக்ட். இரண்டிலும் ஒரே பெயரில் ஒரே சீக்வென்ஸ், உள்ளே வெவ்வேறு வேலை.

இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக, அதை எப்படிப் பிரித்தோம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் இரண்டு ஃபைலையும் கிளவுடிலிருந்து லோக்கல் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தோம். இருவரும் பிரீமியரை மூடினோம். பிரச்சினை தீரும்வரை ஒருவர் மட்டுமே தொடுவது என்று முடிவு. பிறகு புதிதாக ஒரு புராஜெக்ட் திறந்து, இரண்டு ஃபைலிலிருந்தும் அந்த சீக்வென்ஸை மட்டும் இம்போர்ட் செய்தேன். `.prproj` ஃபைலை இம்போர்ட் செய்யும்போது முழு புராஜெக்டையும் கொண்டுவரவா, தேர்ந்தெடுத்த சீக்வென்ஸை மட்டுமா என்று கேட்கும். `Import Selected Sequences` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு பெயர் வைத்தேன்.

அடுத்து ஒரு காலி சீக்வென்ஸில் V1 டிராக்கில் என்னுடையதையும், V2 டிராக்கில் அவருடையதையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். மேலே இருப்பதற்கு `Effect Controls` பேனலில் `Opacity` கீழே உள்ள `Blend Mode`ஐ `Difference` என்று மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் திரை கறுப்பாகிவிடும். வித்தியாசம் இருக்கும் இடத்தில் மட்டும் பேய்ப்படம் மாதிரி ஏதோ தெரியும். டைம்லைனை ஓட்டிக்கொண்டே, கறுப்பு கலையும் ஒவ்வொரு இடத்திலும் `M` விசையைத் தட்டி மார்க்கர் வைத்துக்கொண்டு போகலாம்.

நான்காவது நிமிடத்துக்கு மேல் கறுப்பு முழுவதுமாகக் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. அவர் ஒரு ஷாட்டைப் 12 பிரேம் நீட்டியிருந்தார். அதனால் பின்னால் இருப்பதெல்லாம் 12 பிரேம் தள்ளிப்போயிருந்தது. அந்த இடத்தில் மேல் டிராக்கை வெட்டி, மீதியை 12 பிரேம் முன்னால் இழுத்தேன். உடனே திரை மறுபடி கறுப்பு. இப்படி ஒவ்வொரு நீட்டலையும் குறைத்தலையும் சரிக்கட்டிக்கொண்டே போனால், கடைசியில் கையில் ஒரு சின்னப் பட்டியல்தான் மிஞ்சும். கலர் மாற்றம் மட்டும் மிக மெல்லியதாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு எக்ஸ்போஷரை ஏற்றினால் கண்ணில் படும். ஒலிக்கு இந்த வித்தை உதவாது. ஒரு பக்கத்து ஆடியோவுக்கு `Invert` எஃபெக்டைப் போட்டு இரண்டையும் சேர்த்து ஓட்டினால், ஒன்றாக இருக்கும் இடத்தில் சத்தம் வராது. மாறிய இடத்தில் கேட்கும்.

பட்டியல் கைக்கு வந்த பிறகு இருவரும் போனில் உட்கார்ந்து எந்த மாற்றம் நிற்கும், எது போகும் என்று பேசி முடித்தோம். வேலை என்னவோ மீண்டது. ஆனால் ஒரு சீக்வென்ஸுக்கு அரை நாள் போனது. இதை வாராவாரம் செய்ய யாராலும் முடியாது.

அடுத்த படத்துக்கு பிரீமியரிலேயே இருக்கும் புரொடக்‌ஷன்ஸ் வசதி போதுமே என்று கூட்டாளி சொன்னார். நல்ல வசதிதான். ஒரு படத்தைப் பல சின்னப் புராஜெக்டுகளாகப் பிரித்து, ஒருவர் திறந்திருக்கும் புராஜெக்டை மற்றவர் எழுத முடியாமல் பூட்டிவைக்கும். ஆனால் அந்தப் பூட்டும் ஃபோல்டரில் உருவாகும் ஒரு `.prlock` ஃபைல்தான். ஒரே அலுவலகத்தில் இருவரும் ஒரே சர்வரில் இருந்தால், பூட்டு விழுந்த கணமே மற்றவருக்கும் தெரியும். கிளவுட் சின்க்கில் அந்தப் பூட்டும் மற்ற ஃபைல்களைப் போல வரிசையில் நின்று மேலே ஏறி, பிறகு அடுத்தவர் கம்ப்யூட்டரில் இறங்க வேண்டும். அந்த இடைவெளியில் அவரும் திறந்துவிட்டால் இருவர் கையிலும் சாவி. அதிலும் பக்கத்தில் பெரிய வீடியோ ஃபைல் ஏறிக்கொண்டிருந்தால் இடைவெளி இன்னும் நீளும். இன்டர்நெட் இல்லையென்றால் பூட்டே கிடையாது. அதனால் கிளவுட் ஃபோல்டரில் பூட்டை நம்புவதில்லை என்று வைத்துக்கொண்டோம். பூட்டே தேவைப்படாத மாதிரி வேலையைப் பிரிப்பதுதான் மீதி இருந்த வழி.

பிரிப்பதில் முதல் கேள்வி எதை வைத்துப் பிரிப்பது என்பது. ஒருவர் காட்சியை வெட்டட்டும், மற்றவர் ஒலியைப் பார்க்கட்டும் என்பது கேட்க இயல்பாக இருக்கும். காட்சி இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போது அது ஒத்துவராது. நான் ஒரு இடத்தில் இரண்டு வினாடி எடுத்தால், அதற்குப் பின்னால் அவர் வைத்த ஒவ்வொரு சத்தமும் இரண்டு வினாடி தவறிப்போகும். அதனால் பழைய ஃபிலிம் காலத்து வழக்கத்தையே எடுத்துக்கொண்டோம். அன்றைக்கு 2000 அடி ரீல் ஒன்று ஏறக்குறைய 20 நிமிடம் ஓடும். படத்தை ரீல் ரீலாகத்தான் வெட்டுவார்கள். எங்கள் 80 நிமிடத்தை 20 நிமிட ரீல்கள் நான்காக வகுத்தோம். R1, R4 என் பொறுப்பு. R2, R3 அவர் பொறுப்பு. ஒவ்வொரு ரீலும் தனிப் புராஜெக்ட் ஃபைல்.

ரீல் முடியும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நேரம் செலவழித்தோம், அது வீண்போகவில்லை. ஒரு ரீலில் தொடங்கிய இசை அடுத்த ரீலுக்குள் ஓடக்கூடாது, பேச்சு தாண்டக்கூடாது, டிசால்வும் அங்கே விழக்கூடாது. அப்படி ஏதாவது எல்லையில் விழுந்தால், அந்த ஒரு இடத்துக்கு இருவரும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவீர்கள். R1 முடிவில் எங்களுக்கு அந்தச் சிக்கல் வந்தது. ஒரு பேட்டி இரண்டிலும் பாதிபாதி நின்றது. எல்லையை நாற்பது வினாடி முன்னால் இழுத்து, ஒரு அமைதியான வெளிப்புற ஷாட்டில் கொண்டுபோய் வைத்தோம். R1 கொஞ்சம் குட்டையாகிவிட்டது. ரீல்கள் சமமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

இரண்டாவது ஏற்பாடு, கிளவுட் ஃபோல்டருக்குள் இருக்கும் புராஜெக்டைத் திறந்து யாரும் வேலை செய்வதில்லை என்பது. எனக்கு கிளவுட் ஃபோல்டர் ஒரு தபால் பெட்டி மட்டும்தான். வேலை லோக்கல் டிஸ்க்கில் நடக்கும். கைமாற்றும்போது மட்டும் `File` மெனுவில் `Save a Copy` கொடுத்து ஒரு பிரதியை அதில் போடுவோம். `Save As` கொடுத்தால் பிரீமியர் அதன் பிறகு அந்தப் புதிய ஃபைலிலேயே வேலையைத் தொடரும். கிளவுடில் வேலை செய்ய ஆரம்பித்துவிடுவீர்கள். `Save a Copy` உங்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நகலை மட்டும் அனுப்பும்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரீமியரின் ஆட்டோ சேவ் வழக்கமாகத் தனி ஃபோல்டரில்தான் நகல் போடும். ஆனால் `Preferences`இல் `Auto Save also saves the current project(s)` என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால், திறந்திருக்கும் அசல் புராஜெக்டையும் சேர்த்தே சேமிக்கும். கூட்டாளியின் ரீல் எப்படி வந்திருக்கிறது என்று சும்மா பார்க்கத் திறந்து, தெரியாமல் ஒரு கிளிப்பை நகர்த்தினாலும், அவர் ஃபைலின் மேல் நீங்கள் எழுதியதாகிவிடும். பார்ப்பதற்காக என்றாலும் காப்பி எடுத்துத் திறப்பதே நல்லது.

மூன்றாவது, பெயர். எனக்குக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் அதிகம் காப்பாற்றியது இதுதான். தபால் பெட்டிக்குள் போன ஃபைலை அதே பெயரில் யாரும் மறுபடி சேமிப்பதில்லை. ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடும். கடைசியில் வெட்டியவரின் இரண்டு எழுத்து.

```
PADAM/
  00_MASTER/
  10_REELS/
    R1_v009_KA.prproj
    R3_v014_MU.prproj
    R3_v015_MU.prproj
  20_NEW_MEDIA/
  90_OLD/
```

ஒரே பெயரில் மேலே மேலே சேமித்தால் உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது புதியதா, நேற்றையதா என்று ஃபைலைப் பார்த்துச் சொல்ல முடியாது. தேதியையும் நேரத்தையும் வைத்து ஊகிக்க வேண்டும். புதுப் பெயர் என்றால், வந்தால் இருக்கும், வராவிட்டால் இருக்காது. எங்கள் பேச்சே இப்படித்தான் ஆகிவிட்டது:

"அண்ணே, R3 v015 போட்டாச்சு."

"இங்க v014தான் இருக்கு."

"அப்ப இன்னும் ஏறலை. லேப்டாப்பை மூடலை, இருங்க பார்க்கிறேன்."

கடைசி வரி முக்கியம். சேமித்த கையோடு லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போனால் ஏற்றம் பாதியில் நிற்கும். ஃபைலின் மேல் சின்க் முடிந்த குறி வந்த பிறகுதான் மூடுவது, அதன் பிறகுதான் செய்தி அனுப்புவது என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டு எழுத்துக்கும் வேலை இருக்கிறது. பொறுப்பு குழம்பி இருவருமே v016 போட்டுவிட்டோம் என்று வையுங்கள். `R3_v016_MU`, `R3_v016_KA` என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதுவும் அழியாது, எந்தச் சேவையும் பெயரை மாற்றிப் போடாது, குழப்பம் பார்த்தவுடனேயே கண்ணில் படும். ஒருமுறை அப்படி நடந்தது. இயக்குநர் R3 திருத்தத்தை இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார். மேலே சொன்ன `Difference` முறையில் பார்த்தபோது என் மாற்றம் மூன்று ஷாட்தான்; அவர் தன்னுடையதில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் திருத்தமும் ரீல் எண்ணும் டைம்கோடும் இல்லாமல் வந்தால் எடுத்துக்கொள்வதில்லை.

ரீலைக் கைமாற்றுவதும் உண்டு. அவர் R2வில் மூழ்கியிருந்தபோது R3ஐ நான் வாங்கிக்கொண்டேன். அப்போது செய்தியில் இரண்டே வரி: எந்தப் பதிப்பு, இனி யார் கை. வாங்கியவர் "வந்தது, திறந்தது" என்று பதில் சொல்லும்வரை கொடுத்தவர் தொடமாட்டார், வாங்கியவரும் வெட்டமாட்டார்.

ஃபுட்டேஜைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரத்தைத் தின்பது அதுதான். அசல் வீடியோவை கிளவுடில் போடவில்லை. ஒரே மாதிரி இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் ஒரே ஃபோல்டர் அமைப்பு, ஆளுக்கொன்று. விண்டோஸில் இரண்டு பக்கமும் ஒரே டிரைவ் எழுத்தைக் கொடுத்தோம். மேக் என்றால் டிஸ்க்கின் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் புராஜெக்டைத் திறந்ததும் ஃபுட்டேஜ் தானாக ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஒரு இசையோ கிராஃபிக்ஸோ வந்தால் `20_NEW_MEDIA` வழியாக வரும். ஆனால் அங்கிருந்து நேராக டைம்லைனுக்கு இழுப்பதில்லை. கிளவுட் ஃபோல்டரின் பாதையில் பயனர் பெயர் இருக்கும், அது ஆளுக்கு ஆள் மாறும். அடுத்தவர் திறந்தால் `Media Offline` என்று சிவப்பாக நிற்கும். அதனால் முதலில் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே இடத்துக்குக் காப்பி, பிறகு இம்போர்ட். மீடியா கேஷும் லோக்கல் டிஸ்க்கில்தான்; அசல் ஃபைலுக்குப் பக்கத்திலேயே `.cfa`, `.pek` ஃபைல்களைச் சேமிக்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள்.

ஃபைல் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்ததற்கும் காரணம் உண்டு. 'கொ' என்று தட்டும்போது அந்தக் கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான். மேக்குக்கும் விண்டோஸுக்கும் இடையே போய்வரும்போது ஏதாவது ஒரு மென்பொருள் இரண்டையும் வேறு வேறு பெயர் என்று எடுத்துக்கொண்டால், இருக்கும் ஃபைலையே காணோம் என்று சொல்லும்.

நான்கு ரீலையும் கோர்ப்பது `00_MASTER`. அது என் கையில் மட்டும். ஒவ்வொரு ரீலின் கடைசிப் பதிப்பிலிருந்தும் சீக்வென்ஸை இம்போர்ட் செய்து வரிசையாக அடுக்குவேன். அங்கே ஒரு வெட்டுகூடச் செய்யக்கூடாது என்பது கண்டிப்பு. மாஸ்டரில் ஒரு ஷாட்டைக் கத்தரித்துவிட்டு, மறுநாள் R2வின் புதுப் பதிப்பை இறக்கினால் அந்தக் கத்தரிப்பு போய்விடும், போனது யாருக்கும் தெரியவும் தெரியாது. மாஸ்டரில் கண்ணில் படும் குறை எதுவானாலும் குறிப்பாக ரீல் பொறுப்பாளருக்குத் திரும்பிப் போகும். திரும்பத் திரும்ப இம்போர்ட் செய்வதால் புராஜெக்ட் பேனலுக்குள் ஒரே கிளிப் பல தடவை குவியும். `Edit` மெனுவில் `Consolidate Duplicates` அதைச் சுருக்கிவிடும்.

காட்சியில் இனி எந்த வெட்டும் மாறாது என்று முடிவான பிறகுதான் ஒலியைத் தனி ஆளிடம் பிரித்தோம். அப்போது பிரச்சினையே எழவில்லை, நேரம் இனி நகராது என்று இருவருக்கும் தெரியும்.

பழைய பதிப்புகளை `90_OLD`க்கு நகர்த்தினோம், அழிக்கவில்லை. சின்க் ஃபோல்டரில் ஒருவர் அழித்தால் மற்றவர் கம்ப்யூட்டரிலும் அது போய்விடும். சேவைகள் பழையதை வைத்திருக்கும், ஆனால் என்றென்றைக்கும் இல்லை: கூகுள் டிரைவில் இந்த மாதிரி ஃபைல்களின் பழைய பதிப்புகள் 30 நாளுக்குப் பிறகோ, 100 பதிப்புகளைத் தாண்டினாலோ நீங்கலாம். ஒரு ரீலை இரண்டு மாதம் கழித்து முதல் வெட்டுக்குத் திருப்பச் சொல்வது இயக்குநர்களிடம் சாதாரணம். புராஜெக்ட் ஃபைல் வீடியோவை ஒப்பிட்டால் துளிதான். நூறு பதிப்பை வைத்திருந்தாலும் இடம் அடைக்காது. வாரத்துக்கு ஒருமுறை `PADAM` ஃபோல்டர் முழுவதையும், சின்க்கில் இல்லாத வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்து வைத்தோம்.